தவறென்று தெரிந்தே ஓர் ஊகம்

மாணவர்களே, ஒரு புதிருடன் தொடங்குவோம். உங்கள் நண்பர் ஆறு நிறங்களில் நான்கு காய்களை வரிசையாக ஒளித்து வைத்திருக்கிறார். நீங்கள் முதல் ஊகமாகச் சிவப்பு, சிவப்பு, மஞ்சள், மஞ்சள் என்று வைக்கிறீர்கள். "மூன்று காய்கள் சரியான நிறம், சரியான இடம். நான்காவது காய் முழுத் தவறு" என்று பதில் வருகிறது. எந்தக் காய் தவறு என்று அவர் சொல்லமாட்டார். இரண்டாவது ஊகமாக எதை வைப்பீர்கள்?

பெரும்பாலோர் ஒரு காயை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். கடைசி மஞ்சளை எடுத்துவிட்டு நீலம் வைப்பார்கள். விடையாக இருக்கக்கூடிய வரிசை அது. அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டாவது முறையிலேயே வெற்றி. ஆனால் இதைவிட நல்ல ஊகம் ஒன்று இருக்கிறது. அது விடையாக இருக்கவே முடியாது என்பது வைக்கும்போதே உங்களுக்குத் தெரியும். தெரிந்தே தவறாக ஊகித்தால் எப்படி விரைவில் ஜெயிக்க முடியும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

விளையாட்டும் பதிலும்

இந்த விளையாட்டின் பெயர் மாஸ்டர்மைண்ட். இஸ்ரேலைச் சேர்ந்த மொர்டெகாய் மெய்ரோவிட்ஸ் 1970இல் இதை உருவாக்கினார். அவர் அஞ்சல், தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர். இங்கிலாந்தின் இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்து விற்றது. தாளும் பேனாவும் மட்டும் வைத்து எண்களைக் கொண்டு விளையாடும் 'காளைகளும் பசுக்களும்' என்ற பழைய விளையாட்டின் உறவுக்காரன் என்று இதைச் சொல்லலாம். பலகை இல்லாவிட்டாலும் தாளில் எழுதியே விளையாடலாம் என்பது இதில் பெரிய வசதி.

நிறங்களுக்குப் பதிலாக எண்களை எழுதிக்கொள்வோம். சிவப்பு 1, மஞ்சள் 2, நீலம் 3, பச்சை 4, ஆரஞ்சு 5, ஊதா 6. ஒரே நிறம் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். நான்கு இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆறு வாய்ப்புகள் இருப்பதால் மொத்தம் 6 × 6 × 6 × 6 = 1296 வரிசைகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் இரகசியம்.

ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒளித்தவர் கறுப்பு, வெள்ளைக் குறிகளால் பதில் சொல்வார். நிறமும் இடமும் சரியாக இருக்கும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு கறுப்பு. நிறம் சரி, இடம் தவறு என்றால் ஒரு வெள்ளை. இதில் ஒரே நிறம் இரண்டு முறை வரும்போதுதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. அதனால் பதிலை எண்ணும் முறையைத் திருத்தமாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் இடங்களைப் பார்க்காமல், இரண்டு வரிசைகளுக்கும் பொதுவான காய்கள் எத்தனை என்று நிறம் நிறமாக எண்ணுங்கள். ஒரு நிறம் ஒன்றில் இரண்டு முறையும் மற்றதில் ஒரு முறையும் இருந்தால், குறைவான எண்ணிக்கையான ஒன்றை மட்டுமே சேர்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைதான் மொத்தக் குறிகள். பிறகு இடமும் ஒத்துப்போகும் காய்களை எண்ணினால் கறுப்பு கிடைக்கும். மொத்தத்திலிருந்து கறுப்பைக் கழித்தால் வெள்ளை.

எடுத்துக்காட்டாக, இரகசியம் 6122, ஊகம் 1223 என்று வைத்துக்கொள்வோம். 1 பொதுவாக ஒன்று, 2 பொதுவாக இரண்டு. மொத்தம் மூன்று. இடம் ஒத்துப்போவது மூன்றாம் இடத்திலுள்ள 2 மட்டுமே. ஆகவே 1 கறுப்பு, 2 வெள்ளை. இந்த இரண்டு வரிசைகளையும் நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து நான்கைத் தாண்டாது. அப்படிப் பார்த்தால் 15 வகைப் பதில்கள் இருக்க வேண்டும். ஆனால் 3 கறுப்பு, 1 வெள்ளை என்ற பதில் ஒருபோதும் வராது. மூன்று காய்கள் அவற்றின் இடத்தில் இருக்கும்போது, மிச்சமிருக்கும் ஒரே காய்க்கு மிச்சமிருக்கும் ஒரே இடம்தான் உண்டு. நிறம் சரி, இடம் தவறு என்று சொல்ல வழியில்லை. ஆக 14 வகைப் பதில்கள்.

குவியல்களாகப் பிரித்தல்

ஓர் ஊகத்தை வைக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? 1296 வரிசைகளையும் 1296 துண்டுத் தாள்களில் எழுதி மேசையில் பரப்பி வைத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். நீங்கள் வைக்கப் போகும் ஊகத்தை ஒவ்வொரு தாளுடனும் ஒப்பிட்டு, "இதுவே இரகசியமாக இருந்தால் என்ன பதில் வரும்?" என்று கேளுங்கள். ஒரே பதில் தரும் தாள்களை ஒரே குவியலாகச் சேருங்கள். உண்மையான பதில் வந்ததும் ஒரு குவியலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை அனைத்தையும் தூக்கி எறிந்துவிடலாம்.

எந்தக் குவியல் மிஞ்சும் என்பது உங்கள் கையில் இல்லை. தாள்கள் எத்தனை குவியலாக, எவ்வளவு சமமாகப் பிரியும் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. ஒரு பெரிய குவியலும் சில சின்னக் குவியல்களுமாகப் பிரித்தால், பெரிய குவியல் மிஞ்சி நீங்கள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஓர் ஊகத்தின் தரத்தை அளக்க எளிய அளவுகோல் ஒன்று கிடைக்கிறது: அது உண்டாக்கும் மிகப் பெரிய குவியலில் எத்தனை தாள்கள்? அந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

முதல் ஊகத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். நிறங்களின் பெயரையும் இடங்களின் வரிசையையும் மாற்றுவது முதல் ஊகத்தில் எந்த வித்தியாசத்தையும் தராது. 1122 வைப்பதும் 5353 வைப்பதும் ஒன்றே. எனவே ஐந்து வகை ஊகங்களை மட்டும் சோதித்தால் போதும். நான்கும் ஒரே நிறமாக 1111 வைத்தால், சிவப்பே இல்லாத வரிசைகள் எல்லாம் ஒரே குவியலில் விழும். அவை 5 × 5 × 5 × 5 = 625. கிட்டத்தட்டப் பாதித் தாள்கள்! இது மோசமான தொடக்கம். 1112 வைத்தால் மிகப் பெரிய குவியல் 317. நான்கும் வெவ்வேறு நிறமாக 1234 வைப்பதுதான் நல்லது என்று பலருக்குத் தோன்றும். அதில் 2 வெள்ளை என்ற பதிலின் குவியலில் மட்டும் 312 தாள்கள் இருக்கின்றன. 1123 வைத்தால் 276. இரண்டு நிறங்களை இரண்டிரண்டாக 1122 என்று வைத்தால் 256.

அந்த 256 எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே சரிபார்க்கலாம். ஒரு குறியும் கிடைக்கவில்லை என்றால் 1, 2 இரண்டுமே இல்லை; மீதி நான்கு நிறங்களால் 4 × 4 × 4 × 4 = 256 வரிசைகள். ஒரே ஒரு கறுப்பு, ஒரே ஒரு வெள்ளை ஆகிய பதில்களின் குவியல்களிலும் தலா 256 தாள்களே இருக்கின்றன. ஐந்து வகைகளில் இதுவே மிகச் சமமான பிரிவு. அதனால்தான் முதல் ஊகமாக 1122ஐ எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனுத் இந்த அளவுகோலைத்தான் கையாண்டார். பொழுதுபோக்குக் கணித இதழ் ஒன்றின் 1976–77ஆம் ஆண்டுத் தொகுதியில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் 1296 வரிசைகளில் எதை ஊகமாக வைத்தால், மிச்சமிருக்கும் தாள்களின் மிகப் பெரிய குவியல் மிகச் சிறியதாகும் என்று கணினியைக் கொண்டு தேடினார். "1296இல் எதை" என்பதைக் கவனியுங்கள். மிச்சமிருக்கும் தாள்களில் ஒன்றாகத்தான் ஊகம் இருக்க வேண்டும் என்று அவர் கட்டுப்படுத்தவில்லை. இரண்டு ஊகங்கள் சமமாக வந்தால் மட்டும் விடையாக இருக்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்தார். இப்படி விளையாடினால் எந்த இரகசியமானாலும் ஐந்து ஊகங்களுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் காட்டினார்.

மூன்று கறுப்பு: இருபது தாள்கள்

இப்போது நம் புதிருக்குத் திரும்புவோம். 1122 வைத்தோம், 3 கறுப்பு வந்தது. ஒரு காய் மட்டும் தவறு. அது நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கிறது. அந்த இடத்துக்கு உரிய சரியான நிறம் மற்ற ஐந்தில் ஒன்று. ஆகவே 4 × 5 = 20 தாள்கள் மிச்சம். அவற்றை இடவாரியாக எழுதுவோம்.

முதல் இடம் தவறு: 2122, 3122, 4122, 5122, 6122
இரண்டாம் இடம் தவறு: 1222, 1322, 1422, 1522, 1622
மூன்றாம் இடம் தவறு: 1112, 1132, 1142, 1152, 1162
நான்காம் இடம் தவறு: 1121, 1123, 1124, 1125, 1126

கடைசிக் காயை மட்டும் மாற்றி 1123 வைத்தால் குவியல்கள் எப்படிப் பிரியும்? ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் 2 கறுப்புக்கு 8, 2 கறுப்பு 1 வெள்ளைக்கு 6, 3 கறுப்புக்கு 4, 2 கறுப்பு 2 வெள்ளைக்கு 1, 4 கறுப்புக்கு 1 என்று ஐந்து குவியல்கள் வரும். மிகப் பெரியதில் எட்டு. இருபது தாள்களில் வேறு எதை ஊகமாக வைத்தாலும் இதைவிட நன்றாகப் பிரியாது. 1121 போன்று மற்ற நிறத்தையே மாற்றிப் போட்டால் ஒரு குவியலில் பத்துத் தாள்கள் விழுந்துவிடும்.

ஏன் இப்படி? 1123 நான்காம் இடத்தைப் பற்றி மட்டும் தெளிவாகக் கேட்கிறது. முதல் இடமா இரண்டாம் இடமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. அவ்விரண்டு வரிசைக்காரர்களும் ஒரே மாதிரி பதில் சொல்லி ஒரே குவியலில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

இப்போது 1223 வைத்துப் பாருங்கள். இது விடையாக இருக்க முடியாது. 1122உடன் ஒப்பிட்டால் இதற்கு 2 கறுப்புதான் வரும்; நமக்கு வந்ததோ 3. ஆனாலும் இது என்ன கேட்கிறது என்று பொறுமையாகக் கவனியுங்கள்.

1223இல் 1 ஒரு முறையும் 2 இரண்டு முறையும் இருக்கின்றன. தவறான காய் முதல் இரண்டு இடங்களில் இருந்தால், இரகசியத்தில் ஒரு 1 குறைந்திருக்கும்; ஆனால் 2 இரண்டும் பத்திரமாக இருக்கும். அப்போது மொத்தக் குறிகள் மூன்று. தவறான காய் கடைசி இரண்டு இடங்களில் இருந்தால் ஒரு 2 குறைந்திருக்கும். அப்போது மொத்தக் குறிகள் இரண்டு. ஆக, மொத்தக் குறிகளைப் பார்த்தே தவறு இடப்பாதியிலா வலப்பாதியிலா என்று தெரிந்துவிடுகிறது.

அடுத்து, 1223 முதல் இடத்தில் 1ஐயும் மூன்றாம் இடத்தில் 2ஐயும் முன்பு இருந்தபடியே வைத்திருக்கிறது. மற்ற இரண்டு இடங்களை மாற்றிவிட்டது. தவறு முதல் இடத்திலோ மூன்றாம் இடத்திலோ இருந்தால் கறுப்பு ஒன்றாகக் குறையும். இரண்டாம் அல்லது நான்காம் இடத்தில் இருந்தால் கறுப்பு இரண்டாகவே நிற்கும்.

இந்த இரண்டு தகவல்களையும் சேர்த்துப் பாருங்கள். 1 கறுப்பு 2 வெள்ளை என்றால் முதல் இடம். 2 கறுப்பு 1 வெள்ளை என்றால் இரண்டாம் இடம். 1 கறுப்பு 1 வெள்ளை என்றால் மூன்றாம் இடம். 2 கறுப்பு மட்டும் என்றால் நான்காம் இடம். ஒரே கேள்வியில் நான்கு வீடுகளில் எந்த வீடு என்று கண்டுபிடித்தாயிற்று. கடைசியில் இருக்கும் 3 சும்மா இல்லை. நீலம் வந்திருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும்.

சில தாள்கள் இந்த ஒழுங்கிலிருந்து விலகும். 3122க்கு 1 கறுப்பு 3 வெள்ளை, 1322க்கு 2 கறுப்பு 2 வெள்ளை. இவை தனித்தனியே பிடிபட்டுவிடும். 1222, 1123 இரண்டுக்கும் 3 கறுப்பு. 1132 வழிமாறிப் போய் முதல் இடக்காரர்களுடன் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் எண்ணினால் குவியல்கள் 5, 4, 4, 3, 2, 1, 1. கூட்டினால் இருபது. மிகப் பெரிய குவியலில் எட்டுக்குப் பதில் ஐந்து. குவியல்கள் ஐந்துக்குப் பதில் ஏழு.

6122ஐத் தேடி

இரகசியம் 6122 என்று வைத்து இரண்டு வழிகளையும் ஓட்டிப் பார்ப்போம்.

விடையாக இருக்கக்கூடியதை மட்டுமே வைப்பேன் என்று அடம்பிடிக்கும் ஆட்டக்காரர் 1123 வைக்கிறார். 2 கறுப்பு வருகிறது. எட்டுத் தாள்கள் மிச்சம்: 2122, 4122, 5122, 6122, 1222, 1422, 1522, 1622. அடுத்து 4122 வைக்கிறார். 3 கறுப்பு. இப்போது 2122, 5122, 6122 மட்டும். இனி ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். 2122க்கு 3 கறுப்பு, 5122க்கு 3 கறுப்பு, கடைசியில் 6122. எண்ணிப் பாருங்கள், ஆறாவது ஊகம். இடையில் அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கலாம். ஆனால் மூன்று தாள்கள் மிஞ்சியபோது, அவற்றுள் எதை வைத்தாலும் மற்ற இரண்டும் ஒரே பதிலைத்தான் தரும் என்பதைக் கவனித்தீர்களா? அங்கேதான் அவர் சிக்கிக்கொண்டார். பதிலில் எப்போதும் மூன்று கறுப்பு வருவதால் நெருங்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சி வேறு. மூன்று கறுப்பு தொடர்ந்து வருகிறது என்றால் நீங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

மற்றவர் 1223 வைக்கிறார். முன்பு நாம் கணக்கிட்டபடி 1 கறுப்பு, 2 வெள்ளை. மிச்சம் ஐந்து: 2122, 4122, 5122, 6122, 1132. மறுபடியும் இவர் ஒரு தவறான வரிசையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்: 4522. ஏன்? முதல் இடத்தில் பச்சை இருந்தால் அது கறுப்பாகத் தெரியும். ஆரஞ்சு இருந்தால், அதை இடம் மாற்றி வைத்திருப்பதால் வெள்ளையாகத் தெரியும். ஒரே ஊகத்தில் இரண்டு நிறங்களை, ஒன்றை மற்றதுடன் குழப்பாமல் சோதிக்கும் வழி இது. 4122 என்றால் 3 கறுப்பு, 5122 என்றால் 2 கறுப்பு 1 வெள்ளை, 1132 என்றால் 1 கறுப்பு. 6122க்கும் 2122க்கும் மட்டும் 2 கறுப்பு. நம் இரகசியத்துக்கு 2 கறுப்பு வருகிறது. மிச்சம் இரண்டே தாள்கள். 6122ஐ முதலில் வைத்தால் நான்காவது ஊகத்தில் முடிந்தது. 2122ஐ முதலில் வைத்தாலும் ஐந்தாவதில் உறுதியாக முடியும்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை இருக்கிறது. இரகசியம் 1123 ஆகவே இருந்திருந்தால் அடம்பிடித்தவர் இரண்டாவது ஊகத்திலேயே ஜெயித்திருப்பார். இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு அது. அதை விட்டுக்கொடுத்துத்தான் நாம் சமமான பிரிவை வாங்குகிறோம். தாள்கள் இரண்டே மிச்சம் என்றால் இப்படி விட்டுக்கொடுப்பது வீண்; அப்போது அவற்றுள் ஒன்றையே வைக்க வேண்டும்.

நான்கில் முடிக்க முடியாதா?

ஐந்து ஊகங்கள் போதும் என்று குனுத் காட்டினார். இன்னும் கெட்டிக்காரர் ஒருவர் வந்து நான்கில் முடிக்கும் வழியைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அதை நிரூபிக்கக் கணினி தேவையில்லை, வகுத்தல் போதும்.

முதல் ஊகத்தின் ஐந்து வகைகளிலும் மிகப் பெரிய குவியல் 256க்குக் குறையாது என்று பார்த்தோம். ஆகவே மோசமான நிலையில் குறைந்தது 256 தாள்கள் மிஞ்சும். பதில்கள் 14 வகையே என்பதால், இரண்டாவது ஊகம் அவற்றை அதிகபட்சம் 14 குவியல்களாகப் பிரிக்கும். 256ஐ 14ஆல் வகுத்தால் 18க்குச் சற்று மேல். எனவே எவ்வளவு சமமாகப் பிரித்தாலும் ஏதோ ஒரு குவியலில் குறைந்தது 19 தாள்கள் இருந்தே தீரும். மூன்றாவது ஊகம் அந்த 19ஐ 14 குவியல்களாகப் பிரித்தால், ஒன்றிலாவது இரண்டு தாள்கள் சேர்ந்திருக்கும். இரண்டு தாள்கள் கையில் இருக்கும்போது நான்காவது ஊகம் சரியாக அமையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எல்லா இரகசியங்களையும் நான்கிற்குள் கண்டுபிடிக்கும் முறை இல்லை என்பதற்கு இதுவே நிரூபணம். பத்துப் புறாக்கள் ஒன்பது கூடுகளில் அடைந்தால் ஒரு கூட்டிலாவது இரண்டு இருக்கும் என்ற எளிய உண்மைதான் இங்கே வேலை செய்கிறது.

"மிக மோசமான நிலை" என்பதைத் தவிர வேறோர் அளவுகோலும் உண்டு: சராசரி. 1296 இரகசியங்களையும் ஒருமுறை விளையாடினால், சராசரியாக எத்தனை ஊகங்கள் தேவைப்படும்? குனுத்தின் முறைக்கு அது சுமார் 4.48. சராசரியை மட்டும் எவ்வளவு குறைக்கலாம் என்று கோயாமா, லாய் என்ற இருவர் ஆராய்ந்து, 4.34க்குச் சற்றே மேல் என்பதுதான் எல்லை என்று 1993இல் காட்டினர். அந்த எல்லையைத் தொடும் அவர்களது முறையில் சில சமயம் ஆறாவது ஊகம் தேவைப்படும். அதாவது, எப்போதும் ஐந்தைத் தாண்டக் கூடாது என்பதும், சராசரி மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் இரண்டு வேறு ஆசைகள். நண்பருடன் பத்து ஆட்டம் ஆடி மொத்த ஊகங்களைக் கூட்டி ஒப்பிடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது சராசரி. ஐந்தில் முடிக்காவிட்டால் தோல்வி என்று பந்தயம் வைத்தால் குனுத்தின் வழி.

மேசையில் ஆடும்போது

256 தாள்களை மனக்கணக்கில் பிரிக்க யாராலும் முடியாது. ஆகவே முதல் இரண்டு ஊகங்களைப் பழக்கத்தால் வையுங்கள்: முதலில் 1122 வகை, அடுத்து முன்பு வந்த நிறங்களில் சிலவும் புதிய நிறங்களில் சிலவும் கலந்த ஒன்று. மிச்சமிருக்கும் வரிசைகள் இருபதுக்குள் வந்துவிட்டதாகத் தோன்றியதும் பேனாவை எடுத்து அவை அனைத்தையும் எழுதுங்கள். பிறகு இரண்டு மூன்று ஊகங்களைச் சோதித்து, ஒவ்வொன்றும் தரும் மிகப் பெரிய குவியலை எண்ணுங்கள். அவற்றில் ஒன்றாவது பட்டியலில் இல்லாத வரிசையாக இருக்கட்டும்.

எழுதும்போது ஒரு வரிசைகூட மிஞ்சவில்லை என்றால் பயப்படாதீர்கள். வந்த பதில்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வரிசை குறைந்தது ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும், ஏனெனில் இரகசியமே அப்படிப்பட்டதுதான். ஒன்றும் இல்லை என்றால், நீங்கள் பட்டியலில் எதையோ விட்டிருக்கிறீர்கள், அல்லது ஒளித்தவர் குறிகளைத் தவறாக எண்ணியிருக்கிறார். பெரும்பாலும் தவறு இருப்பது வெள்ளைக் குறிகளில்தான். இரகசியத்தில் ஒரே ஒரு 2 இருக்க, ஊகத்தின் இரண்டு 2களுக்கும் குறி வைத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பதிலையும் சேர்ந்து சரிபார்த்துக்கொள்வது நல்லது, நட்பும் கெடாது.

நீங்கள் செய்து பாருங்கள்

1122 வைத்தீர்கள். 2 கறுப்பு, 2 வெள்ளை வந்தது. மிச்சமிருப்பவை நான்கே: 2112, 2121, 1212, 1221. இந்த நான்கையும் நான்கு தனித்தனிக் குவியல்களாகப் பிரிக்கும் ஊகம் எது? அது கிடைத்தால் மூன்றாவது ஊகத்தில் உறுதியாக ஜெயிக்கலாம். நான்கில் எதை வைத்தாலும் மற்றவற்றுள் இரண்டு ஒரே பதிலைத் தரும் என்பதை முதலில் சரிபாருங்கள். விடையைப் படிக்கும் முன் பத்து நிமிடமாவது முயலுங்கள்.

விடை: 1213. இரகசியத்தின் முதல் இரண்டு இடங்கள் 12 ஆகவோ 21 ஆகவோதான் இருக்கும். 12 என்றால் 1213க்கு அங்கே இரண்டு கறுப்பு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கடைசி இரண்டு இடங்களில் மூன்றாம் இடத்தை மட்டும் சோதிக்கிறோம். அங்கே 1 இருந்தால் ஒரு கறுப்பு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நான்காம் இடத்தில் இருக்கும் 3, வேண்டுமென்றே வைத்த வெற்றுக் காய். ஆகவே 1212க்கு 3 கறுப்பு, 1221க்கு 2 கறுப்பு 1 வெள்ளை, 2112க்கு 1 கறுப்பு 2 வெள்ளை, 2121க்கு 3 வெள்ளை.